சிப்ஸா, மிக்சரா?

மாணவர்களே, வணக்கம். கேன்டீனில் 30 கிராம் சிப்ஸ் பாக்கெட்டும் 80 கிராம் மிக்சர் பாக்கெட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லேபிளில் சோடியம் சிப்ஸுக்கு 800 மில்லிகிராம், மிக்சருக்கு 600. மிக்சரே மேல் என்று தோன்றும். ஆனால் அவை 100 கிராமுக்கான எண்கள்; நாம் தின்பதோ முழுப் பாக்கெட்டை.

எடையால் பெருக்கி 100ஆல் வகுங்கள். சிப்ஸில் 240, மிக்சரில் 480! சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். மிக்சரில் அது 1.2 கிராம். பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்காகச் சிப்ஸ் நல்லதாகிவிடாது. சேர்மானப் பட்டியல், எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில் இருக்கும். அதில் உருளைக்கிழங்குக்கு அடுத்து நிற்பது பெரும்பாலும் எண்ணெய். மிக்சரை மூவர் பகிர்ந்தால் ஆளுக்குச் சோடியம் 160 மில்லிகிராம்தான்.