அம்மாவின் சிகிச்சை சாட்டைப் பூட்டிய 7z கோப்பாகச் சித்திக்கு அனுப்புவது: என் அனுபவம்

அம்மா வருடத்தில் பாதி நாள் சென்னையில் என்னோடு, மீதி நாள் திருச்சியில் சித்தி வீட்டில். இங்கே இருக்கும்போது வீட்டுக்கு வரும் நர்ஸ் சர்க்கரை அளவு, பிரஷர், மாத்திரை மாற்றம் எல்லாவற்றையும் தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார், பாதி எழுத்தில், பாதி குரல் பதிவாக. அம்மா திருச்சிக்குக் கிளம்பும்போது அந்த சாட் முழுவதும் சித்தி கைக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் எந்த மாத்திரை எப்போது நின்றது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கூடவே அம்மாவின் ஆதார் படம், இன்சூரன்ஸ் கார்டு, நர்ஸுக்குச் சம்பளம் போட்ட கணக்கு எண். சில வருடங்களாக இதை, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் செவன் ஜிப் மென்பொருளில், பாஸ்வேர்டு போட்ட 7z கோப்பாக்கித்தான் அனுப்புகிறேன். (நர்ஸிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன், அவருடைய பேச்சும் நம்பரும் அதில் இருக்கிறதே.)

"வாட்ஸ்அப்பே பாதுகாப்புன்னு சொல்றாங்க, அப்படியே ஃபார்வர்டு பண்ணிடேன்டா" என்று சித்தி முதலில் கேட்டார். நியாயமான கேள்விதான். வழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை, ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு? ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படங்கள் சாதாரணமாக கேலரிக்குள் போய் உட்காரும், அங்கிருந்து ஆன்லைன் பேக்கப்புக்கும் போகலாம், பேரப்பிள்ளைகள் கையில் எப்போதும் அந்த போன்தான். எக்ஸ்போர்ட் செய்த சாட்டோ வெறும் txt கோப்பு, அதற்கு எந்தப் பூட்டும் கிடையாது.

எக்ஸ்போர்ட் செய்யும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று. `Export chat` அழுத்தியதும் எங்கே அனுப்புவது என்று கேட்கும், பலரும் தங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் பூட்டாத பிரதி ஒன்று Sent-இலும் இன்னொன்று Inbox-இலும் நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு பெரிய பூட்டு போட்டும் பயனில்லை. நான் `Quick Share` மூலம் நேராக லேப்டாப்புக்கு எடுக்கிறேன், கேபிள் போட்டாலும் சரி. இன்னொன்று, படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரைதான் வரும், படம் இல்லாமல் 40,000 வரை. பழையவை சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். txt-ஐத் திறந்து முதல் வரியின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் சாட் நீளமானது என்பதால் இரண்டு விதமாகவும் எடுத்து ஒரே ஃபோல்டரில் வைக்கிறேன்.

சரி, ஏன் zip வேண்டாம், 7z வேண்டும்? பல மென்பொருள்களில் zip-க்கு பாஸ்வேர்டு போட்டால் அடியில் ஓடுவது ZipCrypto என்ற பழைய முறை. அது பலவீனமானது என்று 1994-லேயே பிஹாம், கோச்சர் இருவரும் காட்டிவிட்டார்கள்: உள்ளே இருக்கும் கோப்பின் சில பைட்டுகள் என்னவென்று முன்கூட்டியே தெரிந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உடைக்கலாம். zip-இலும் AES-256 என்ற வலுவான முறையைத் தேர்ந்தெடுக்கலாம்தான், ஆனால் கோப்புப் பெயர்கள் அப்போதும் வெளியே தெரியும். வாட்ஸ்அப் கோப்புகளில் பெயரே நிறையப் பேசிவிடும். txt கோப்பின் பெயரில் எதிராளி பெயர் இருக்கும், `IMG-20240312-WA0004.jpg` என்பதில் தேதி இருக்கும். 7z-இல் `Encrypt file names` என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால் பாஸ்வேர்டு இல்லாதவருக்குப் பட்டியலே தெரியாது. டெர்மினலில் செய்பவர்களுக்கு:

```
7z a -t7z -mhe=on -mx=0 -p amma.7z sugar
7z t amma.7z
```

`sugar` என்பது எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஃபோல்டர், `amma.7z` உருவாகப்போகும் கோப்பு, `-mhe=on` என்பதுதான் பெயர்களை மறைக்கும் அந்த டிக். `-p`-க்குப் பின்னால் பாஸ்வேர்டை எழுதக்கூடாது, அது கேட்கும்போது தட்டச்சு செய்தால் போதும், கமாண்ட் வரலாற்றில் பதியாது. `-mx=0` என்றால் சுருக்காமல் அப்படியே வைப்பது. jpg, opus எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றைச் சுருக்கி ஒன்றும் மிச்சமாகாது. இரண்டாவது வரி கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும். பெயர்கள் மறைந்தனவா என்று பார்க்க அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்யுங்கள்: பட்டியலைக் காட்டுவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்க வேண்டும். பட்டியல் தெரிந்துவிட்டால் அந்த டிக் விழவில்லை என்று அர்த்தம்.

பெயரும் மறைந்த இந்தக் கோப்பை ஜிமெயிலில் இணைக்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத ஆர்கைவை அது தடுத்துவிடும். நான் வாட்ஸ்அப்பிலேயே டாக்குமெண்டாக அனுப்புகிறேன், கேலரியில் அது தெரியாது. சித்தி போனில் `ZArchiver` போட்டிருக்கிறார், அதில் தொட்டு, பாஸ்வேர்டு கொடுத்துப் பிரிக்கிறார். குரல் பதிவுகள் opus-ஆக வருகின்றன, அவை ஓடாவிட்டால் VLC போதும்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அம்மா பிறந்த வருடம், வீட்டுப் பெயர் எல்லாம் கூடாது. மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிவிடுகிற வங்கி மாதிரி இது இல்லை, கோப்பு கையில் கிடைத்தவர் தன் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம். 7z ஒவ்வொரு முயற்சிக்கும் SHA-256 கணக்கை 5,24,288 சுற்று ஓடவைத்து இழுத்தடிக்கும், ஆனாலும் சின்ன பாஸ்வேர்டை அது காப்பாற்றாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்கள் நல்லது. தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரமும் காலும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், பூட்டுக்கு இரண்டும் வேறு. தங்கிலீஷும் ஆபத்து: "வாழை" என்று போனில் சொன்னால் நான் `vaazhai` என்பேன், சித்தி `valai` என்று அடிப்பார். அதனால் `table river cotton eleven` மாதிரி ஸ்பெல்லிங்கில் சந்தேகம் வராத ஆங்கிலச் சொற்கள், எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லாமல். இந்த நாலு சொல்லையே யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அகராதியைக் கண்ணை மூடித் திறந்து நீங்களே எடுங்கள்.

"அதையும் அதே சாட்ல போட்டுடு தம்பி, எழுதி வைக்கச் சோம்பேறித்தனமா இருக்கு" என்பார் சித்தி. அதை மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. கோப்பும் சாவியும் ஒரே இடத்தில் இருந்தால் போன் கை மாறும்போது இரண்டும் சேர்ந்தே போகும். போனில் கூப்பிட்டு எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், அவர் டைரியில் எழுதிக்கொள்கிறார். டைரியில் எழுதுவது தப்பில்லை, ஆன்லைனில் கோப்பைத் திருடுகிறவன் திருச்சி வீட்டு அலமாரியைத் திறக்கப் போவதில்லை. மறந்தால் மீட்க வழியே கிடையாது என்பதால் அந்த டைரி வேண்டும்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சித்தி பிரித்த நொடியிலிருந்து அந்த ஃபோல்டர் பூட்டில்லாத ஃபோல்டர், ஆதார் படம் மறுபடி கேலரியில் எட்டிப் பார்க்கும். அதற்காக ஆர்கைவ் செய்யும் முன்பே ஃபோல்டருக்குள் `.nomedia` என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு வைக்கிறேன், பெரும்பாலான கேலரி ஆப்கள் அதைப் பார்த்து அந்த ஃபோல்டரைத் தொடாமல் விட்டுவிடும். மாத்திரைப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டதும் பிரித்த ஃபோல்டரைச் சித்தி அழித்துவிடுகிறார், 7z மட்டும் போனில் இருக்கும். லேப்டாப்பில் திறப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவும்: செவன் ஜிப் ஜன்னலுக்குள்ளேயே படத்தை டபுள் கிளிக் செய்தால் அது முதலில் விண்டோஸின் தற்காலிக ஃபோல்டரான `%TEMP%`-இல் `7zO` என்று தொடங்கும் ஃபோல்டருக்குள் பிரிந்துதான் திறக்கும், பாதியில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அது அங்கேயே கிடக்கும்.