மாவா, குருணையா? மேரி ரோஸ் கப்பலில் இருந்த இரண்டு வெடிமருந்துகள்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு 1546இல் ஒரு சுருள் தொகுப்பு அளிக்கப்பட்டது. அரசின் போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றின் படமும், அதில் இருந்த ஆயுதங்களின் கணக்கும் அதில் உண்டு. தயாரித்தவர் ஆயுதக் கிடங்கில் பணியாற்றிய அந்தோனி அந்தோனி. மேரி ரோஸ் அதற்கு முந்தைய ஆண்டே, 1545 ஜூலை 19 அன்று, சாலண்ட் நீரிணையில் மூழ்கிவிட்டது. ஆனாலும் அதன் கணக்கு தொகுப்பில் இருக்கிறது. அதில் வெடிமருந்துக்கு ஒன்றல்ல, இரண்டு வரிகள். 'செர்பன்டைன்' மருந்து 2 லாஸ்ட். 'கார்ன்' மருந்து 3 பீப்பாய்.

ஒரு லாஸ்ட் என்பது 24 பீப்பாய், ஒரு பீப்பாய் 100 பவுண்டு. அப்படியென்றால் முதல் வகை 48 பீப்பாய், சுமார் 2.2 டன். இரண்டாவது வகை 136 கிலோதான். இரண்டிலும் இருப்பவை அதே மூன்று சரக்குகள்: வெடியுப்பு, கரி, கந்தகம். பிறகு ஏன் தனித்தனிப் பீப்பாய்? நல்லது எதுவோ அதையே முழுக்க ஏற்றியிருக்கலாமே?

செர்பன்டைன் என்பது மூன்றையும் பொடித்துக் கலந்த மாவு. கார்ன் என்பது அதே கலவையை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டியாக்கி, காயவைத்து உடைத்து, சல்லடையில் சலித்து எடுத்த குருணை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தானியமணி என்று பொருள். அரிசி மாவுக்கும் அரிசிக் குருணைக்கும் உள்ள வித்தியாசம்தான், பார்வைக்கு.

எரியும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. மரத்தூள் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தூளை இறுக்கி அடைத்து, நடுவில் ஒரு துளை விட்டுப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். அதே மரத்தைச் சுள்ளியாக அள்ளிப் போட்டால் நொடியில் தீ பிடித்துக்கொள்ளும். தீ பரவ வேண்டுமென்றால் அது நுழைய வழி வேண்டும். வெடிமருந்துக்குக் காற்று தேவையில்லை, வெடியுப்பே ஆக்சிஜனைத் தந்துவிடும். ஆனால் சூடான வாயு உள்ளே புகுந்து அடுத்த துகளைத் தொட இடைவெளி கட்டாயம் வேண்டும். மாவை இறுக்கி அடைத்தால் அந்த இடைவெளி மூடிவிடுகிறது. தீ மேலிருந்து ஏடு ஏடாகத்தான் இறங்கும். குழலில் இருக்கும் மருந்து முழுதும் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும், மிச்ச மருந்தும் எரியாமலே வாய் வழியாகச் சிதறும். சரி, இறுக்காமல் லேசாகப் போட்டால்? வாயு தாராளமாகக் கசிந்து வலு போய்விடும். ஆக, மாவு மருந்தில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பீரங்கிக்காரரின் கைப்பழக்கத்தில் இருந்தது. ஒரே ஆள், ஒரே பீரங்கி, ஒரே மருந்து என்றாலும் இரண்டு வெடிகள் ஒன்றுபோல் இருக்காது.

இதைச் சமாளிக்க 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானியப் பீரங்கிக்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். மருந்தறையை ஐந்து பங்காகப் பிரி. மூன்று பங்கு மருந்து, ஒரு பங்கு வெற்றிடம், மீதி ஒரு பங்கில் மரக்கட்டையை அடி. வெற்றிடம் தீ பரவ வழி கொடுக்கும். கட்டை, அழுத்தம் போதுமான அளவு ஏறும்வரை வாயைப் பிடித்துவைக்கும். வேதியியல் தெரியாத காலத்தில் அனுபவத்தால் கண்ட இந்தத் தீர்வை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

குருணைக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். மணிகளை எப்படிக் கொட்டினாலும் அவற்றுக்கு நடுவே சந்து இருக்கும். தீ அந்தச் சந்துகளின் வழியே ஒரே பாய்ச்சலில் எல்லா மணிகளையும் தொட்டுவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மணியும் தன் மேல்பரப்பிலிருந்து உள்நோக்கி எரியும். இறுக்கம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. இரண்டு பவுண்டு கட்டி மருந்து மூன்று பவுண்டு சலித்த மாவின் வேலையைச் செய்யும் என்று அந்தக் கால ஜெர்மானியக் குறிப்பு சொல்கிறது.

இந்த லாபம் முழுவதும் இடைவெளியால் வந்தது என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். ஈரமாக்கிப் பிசையும்போது வெடியுப்பு தண்ணீரில் கரைந்து கரியின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. காயும்போது அங்கேயே படிகமாகத் தங்கிவிடுகிறது. உலர்ந்த பொடிகளை எவ்வளவு நேரம் உலக்கையால் இடித்தாலும் இந்த நெருக்கம் வராது. எனவே குருணையின் ஒவ்வொரு மணியும் உள்ளுக்குள்ளேயே மாவைவிட நல்ல கலவை.

ஈரம் இன்னொரு காரணம். அன்றைய ஐரோப்பிய வெடியுப்பு, தொழுவ மண்ணிலும் சுவர்ப் பூச்சிலும் சுரண்டி எடுத்தது. அதில் கால்சியம் நைட்ரேட் கலந்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உப்புப் போல உறிஞ்சிக் கசியும். மாவுக்கு மேல்பரப்பு மிக அதிகம் என்பதால் முதலில் கெடுவது அதுதான். கட்டியாக்கி வைத்தால் உள்ளே இருப்பது தப்பிக்கும். மருந்தைக் கட்டியாக்கும் பழக்கமே வேகத்துக்காக அல்ல, கெடாமல் வைத்துக்கொள்ளத்தான் தொடங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. வேகம் பிறகு கண்டுகொண்ட வரவு.

இப்போது கலவை விகிதத்துக்கு வருவோம். 1540இல் வெனிஸில் அச்சான தன் உலோகவியல் நூலில் இத்தாலியரான பிரிங்குச்சோ மூன்று விதமான மருந்தைச் சொல்கிறார். பெரிய பீரங்கிக்கு வெடியுப்பு மூன்று பங்கு, கரி இரண்டு, கந்தகம் ஒன்று. அதாவது வெடியுப்பு பாதிதான். கைத்துப்பாக்கிகளுக்கோ வெடியுப்பு பத்து, மற்றவை ஒவ்வொன்று. அதாவது 83 சதவீதம். இடைத்தரப் பீரங்கிக்கு நடுவில் ஒன்று. பிற்காலத்தில் நிலைத்த அளவு சுமார் 75 சதவீதம். அதன்படி பார்த்தால் பெரிய பீரங்கியின் மருந்தில் கரி மிஞ்சி, ஆக்சிஜன் பற்றாமல் போகும். வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்ட மருந்து அது. வெடியுப்புதான் மூன்றிலும் விலை கூடியது என்பதால், டன் கணக்கில் மருந்து தின்னும் பீரங்கிக்கு மலிவானதைக் கொடுத்ததில் சிக்கனமும் இருந்திருக்கும்.

விகிதமா, மணியா, எது பெரியது என்று கேட்டால் நான் மணி என்றே சொல்வேன். மிகச் சரியான விகிதத்தில் கலந்த மாவையும் இறுக்கி அடைத்தால் அது மந்தமாகத்தான் எரியும். விகிதம் சற்றுத் தவறிய குருணை அதைவிட ஒழுங்காகச் சுடும். ஒன்றை மட்டும் குருணையால் மாற்ற முடியாது. எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதுதான் வெள்ளைப் புகை, குழலுக்குள் படியும் கசடு.

சரி, மேரி ரோஸுக்குத் திரும்புவோம். கணக்கின்படி அதில் 15 வெண்கலப் பீரங்கிகள், 76 இரும்புத் துப்பாக்கிகள், அவை தவிர 50 கைத்துப்பாக்கிகள். இரும்பில் முக்கியமானவை 12 'போர்ட் பீஸ்'கள். நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைச் சூடாக இறக்கி இறுக்கிய குழல்கள் அவை. பீப்பாய் செய்வது போலத்தான். பின்புறம் தனியாகக் கழற்றக்கூடிய மருந்தறையை ஆப்பு அடித்து நிறுத்துவார்கள். எறிவதோ கல்குண்டு.

இதில் குருணையைப் போட்டால்? அழுத்தம் திடீரென ஏறும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இணைப்பு அதைத் தாங்காது. மருந்தறையும் குழலும் சேரும் இடத்தில் வாயு பீறிடும். ஆப்பு தெறிக்கலாம், கல்குண்டே உள்ளே நொறுங்கலாம். மாவு மருந்து மெல்லத் தள்ளும், கனமான கல்லை நகர்த்த அதுவே போதும். கைத்துப்பாக்கியில் நிலைமை நேர் எதிர். சிறிய ஈயக்குண்டு லேசானது, சட்டென்று ஓடிவிடும். குழல் குறுகலானது என்பதால் மாவு எளிதில் இறுகிப்போகும். கொஞ்சம் மருந்துதான், அது கண்ணிமைக்கும் நேரத்தில் முழுதும் எரிந்தாக வேண்டும்.

1560களில் பீட்டர் ஒயிட்ஹார்ன் என்ற ஆங்கிலேயர் இதையே இரண்டு பக்கமும் வைத்துச் சொன்னார். செர்பன்டைனைக் கைத்துப்பாக்கியில் போட்டால், கையால் வட்டு எறியும் தூரம்கூடக் குண்டு போகாது. கைத்துப்பாக்கி மருந்தை யோசிக்காமல் பீரங்கியில் போட்டால் அது சீக்கிரமே உடைந்துபோகும். ஆகவே 48க்கு 3 என்ற அந்தப் பீப்பாய்க் கணக்கில் பழமைவாதம் எதுவும் இல்லை. போர்ட் பீஸுக்கு மாவுதான் சரியான மருந்து. வெண்கலப் பீரங்கிகள் ஒரே வார்ப்பு என்பதால் அளவைக் குறைத்தால் குருணையைத் தாங்கியிருக்கும், ஆனால் குருணை செய்யக் கூலியும் நேரமும் அதிகம். 50 கைத்துப்பாக்கிகளுக்கு 136 கிலோ என்றால் ஆளுக்கு 2.7 கிலோ. ஒரு சுடுதலுக்கு 10 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவரும் 270 முறை சுடலாம். குறைவே இல்லை.

அப்புறம் பீரங்கிக்கும் குருணை எப்படி வந்தது? மணியைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான். ஒரு எளிய கணக்கு. பக்கம் 2 மில்லிமீட்டர் உள்ள ஒரு கனசதுர மணியின் மேல்பரப்பு 24 சதுர மில்லிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் மணிகளாக உடைத்தால் எட்டு மணிகள், மொத்த மேல்பரப்பு 48. எடை மாறவில்லை, எரியும் பரப்பு இரட்டிப்பு, எரிந்து முடியும் நேரம் பாதி. இதைத் திருப்பிப் போட்டால் பீரங்கிக்கு வேண்டியது கிடைக்கிறது. மணி பெரிதானால் தீ எல்லா மணிகளையும் வேகமாகத் தொடும், ஆனால் ஒவ்வொன்றும் நிதானமாக எரியும். கரியைக் கூட்டி மருந்தை மந்தமாக்க வேண்டிய தேவை போயிற்று. ஒரே நல்ல கலவையைச் செய்து, வெவ்வேறு சல்லடைகளில் சலித்து, துப்பாக்கிக் கிண்ணியில் பற்றவைக்க நைசான பொடி, குழலுக்குச் சிறு குருணை, பீரங்கிக்குப் பெரு குருணை என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு குறை இருந்தது. மணி எரிய எரியச் சிறுத்துப்போகும், எரியும் பரப்பும் குறையும். அதனால் அழுத்தம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய், குண்டு குழலில் பாதி தூரம் போவதற்குள் சரிந்துவிடும். அதை மாற்ற, நடுவே துளைகள் விட்ட பெரிய மருந்துக் கட்டிகள் வர வேண்டியிருந்தது. அமெரிக்க ராணுவ அதிகாரி தாமஸ் ராட்மன் 1860ஐ ஒட்டிச் செய்த வேலை அது. துளையின் உட்பக்கம் எரிய எரிய அகலமாகிக்கொண்டே போகும், வெளிப்பக்கம் சிறுப்பதை அது ஈடுகட்டும்.