இரவு ஒன்பதே முக்காலுக்கு எழுதிய ஊசி, காலை எட்டு மணிக்காகக் காத்திருந்தது

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த முறைதான் பொங்கலுக்குக் கடலூர் வர முடிந்தது. காணும் பொங்கலன்று சில்வர் பீச்சில் கூட்டம் பார்த்துவிட்டு மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் திரும்பிய ஒரு மணி நேரத்தில் சித்தப்பா ரத்த வாந்தி எடுத்தார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோய் உண்டு. ஆட்டோ உடனே கிடைத்தது. அருகிலிருந்த தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரண்டு கைகளிலும் ஊசிக்குழாய் போட்டு, ரத்தத்துக்கு ஏற்பாடு செய்து, ரத்தக்கசிவைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு சொட்டையும் இருபது நிமிடங்களுக்குள் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் எழுத வந்தது வேறொரு மருந்தைப் பற்றி.

நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வார்டில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறேன். பழக்கம் விடாமல் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய மருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். செஃப்ட்ரையாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக் ஒரு கிராம், நரம்பு வழியாக, ஓ.டி. என்று ஒன்பதே முக்காலுக்கு எழுதியிருந்தார்கள். மருந்தும் அளவும் சரியானவை. ஆனால் கொடுத்ததற்கான கையெழுத்து இல்லை. சிஸ்டரைக் கேட்டபோது, ஓ.டி. மருந்துகள் எல்லாம் காலை எட்டு மணிச் சுற்றில்தான் போகும், இதுவும் அப்போது போகும் என்றார். அவர் மேல் தவறில்லை. நாளுக்கு ஒருமுறை என்று எழுதிய மருந்து அந்த வார்டில் எப்போதும் காலையில்தான் கொடுக்கப்படுகிறது. முதல் டோஸ் இப்போதே என்று அட்டையில் யாரும் தனியாக எழுதவில்லை. எங்கள் இங்கிலாந்து மருத்துவமனை அட்டையில் உடனே கொடுக்க வேண்டிய டோஸுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் என்றால் எதற்காக, எந்த நாளில் மறுபரிசீலனை என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கட்டம் இல்லாத அட்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பக்கத்தில் நின்ற சித்தி, "காய்ச்சலே இல்லையே பாப்பா, எதுக்கு ஆன்டிபயாடிக்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் குடலில் எப்போதும் கிருமிகள் உண்டு. சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் குடல் சுவர் வழியாக அவை எளிதில் ரத்தத்துக்குள் நுழைகின்றன. அவற்றை வடிகட்ட வேண்டிய கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் வேறு வழிகளில் ஓடுகிறது. அந்த மாற்றுவழிகளில் ஒன்றுதான் உணவுக்குழாயில் புடைத்து வெடித்த ரத்தக்குழாய். ரத்தம் போய் உடல் தளரும் நேரத்தில் கிருமிகளின் ஊடுருவல் இன்னும் கூடுகிறது. இப்படி வருபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வந்து சேரும்போதோ முதல் இரண்டு நாட்களிலோ தொற்று காணப்படுகிறது. தொற்று வந்தால் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயின் அழுத்தம் உயர்ந்து, நின்ற ரத்தம் மறுபடியும் வரக்கூடும். அதனால்தான் காய்ச்சலுக்குக் காத்திருக்காமல், எண்டோஸ்கோபிக்கும் காத்திருக்காமல், வந்த உடனே முதல் டோஸைப் போடச் சொல்கிறார்கள். கசிவு எங்கிருந்து என்று குழாய் விட்டுப் பார்க்கும் வரை உறுதியாகத் தெரியாது. ஆனாலும் சிரோசிஸ் இருந்து, மேல் வயிற்றிலிருந்து ரத்தம் வந்தால், கொடுப்பதற்கு அது போதும்.

பணியில் இருந்த இளம் மருத்துவரைத் தேடிப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் அட்டையைப் புரட்டுகிறாள் என்று முகம் சுளிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து வந்து, அட்டையில் உடனே என்று பொருள்படும் ஸ்டாட் என்ற சொல்லை எழுதி, சிஸ்டர் மருந்தைக் கரைப்பதையும் நின்று பார்த்தார். பத்து ஐம்பதுக்கு ஊசி உள்ளே போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது என்றாலும், பத்து மணி நேரத் தாமதம் தவிர்ந்தது.

பிறகு அவரே நின்று பேசினார். ஸ்பெயினில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இதே நிலையில் வந்த 111 பேரில் ஒரு பாதியினருக்கு வாய்வழியாக நார்ஃப்ளாக்சசினும் மறுபாதியினருக்கு நரம்பு வழியாக செஃப்ட்ரையாக்சோனும் ஏழு நாள் கொடுத்தார்கள். முதல் குழுவில் 33 சதவீதத்தினருக்கும் இரண்டாவதில் 11 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது அல்லது வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் முற்றியவர்கள்: வயிற்றில் நீர், கடும் சத்துக்குறைவு, மனக்குழப்பம், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு மூன்றுக்கு மேல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சித்தப்பாவின் பிலிருபின் 3.4, வயிற்றில் சிறிது நீர். இரண்டு பொருந்துகின்றன. நோய் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்குத் தொற்றின் அபாயம் மிகக் குறைவு என்பதால் அவர்களுக்குக் கட்டாயமா என்று விவாதம் நடக்கிறது. சித்தப்பாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை என்றார்.

மறுநாள் காலை எண்டோஸ்கோபியில் புடைத்த ரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். அன்று முதல் செஃப்ட்ரையாக்சோன் இரவு பத்தரைக்கு என்று நேரம் குறிக்கப்பட்டது. மூன்றாம் நாள் சித்தப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல் கண்டபோது எல்லோரும் பதறினோம். மருத்துவர்கள் டோஸைக் கூட்டவில்லை. தடுப்பு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தொற்று வந்தால், அது அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம். நம் நாட்டில் அப்படிப்பட்டவை ஏராளம். எனவே ரத்தம், சிறுநீர் மாதிரிகளோடு வயிற்று நீரையும் ஊசியால் எடுத்துப் பரிசோதித்தார்கள். அதில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 250ஐ எட்டியிருந்தால் தொற்று என்று கொண்டு வேறு மருந்துக்கு மாறியிருப்பார்கள். வந்தது 40. காய்ச்சலும் அன்று இரவே தணிந்தது.

ஆக்ட்ரியோடைடு அன்று மாலையே நின்றது. ஐந்தாவது இரவின் ஊசியோடு செஃப்ட்ரையாக்சோனும் நின்றது. ஏழு நாள் என்பது மேல் எல்லை. ரத்தம் நின்று, சொட்டு மருந்தும் நிறுத்தப்பட்டு, நோயாளி நன்றாக இருந்தால் முன்பே நிறுத்திவிடலாம். ஆறாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மருந்துக் கவுன்டரில் சித்தி நீட்டிய சீட்டில் செஃபிக்சிம் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரை, தினம் இரண்டு, பத்து நாளுக்கு இருந்தது. தொற்று இல்லை, காய்ச்சல் இல்லை; தடுக்க வேண்டிய காலமும் முடிந்துவிட்டது. வயிற்று நீரில் ஏற்கெனவே கிருமித் தொற்று வந்தவர்களுக்கு நீண்ட காலத் தடுப்பு மருந்து உண்டு. சித்தப்பாவுக்கு அப்படி வந்ததில்லை. இந்தப் பத்து நாள், அடுத்த முறை அவர் வரும்போது மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்து வைப்பதற்கே உதவும்.

சீட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். மூத்த மருத்துவர் ஒரு நிமிடம் படித்துப் பார்த்து, டிஸ்சார்ஜ் தாளில் வழக்கமாகச் சேர்ந்துவிடும் வரி இது என்று சொல்லி, அதை அடித்துக் கையெழுத்திட்டார். ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலாலும், மூன்று வாரம் கழித்து மறுபடி வளையம் போட வரவேண்டிய தேதியும் மட்டும் மிஞ்சின. சித்தி மாத்திரை அட்டைகளைக் கவுன்டரில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்.