இலைக் கொப்புளத்தைப் படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது: ஐந்து வருட அனுபவம்

புங்க மரத்து இலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலை முழுக்க வேர்க்குரு போட்ட மாதிரி பச்சைப் புடைப்புகள், சில இலைகளில் குட்டி விரல்கள் முளைத்த மாதிரி. ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் மரத்தை அப்படிப் பார்த்துப் பயந்து, படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். நாலு பேரும் நாலு மருந்து சொன்னார்கள். இரண்டை அடித்தும் பார்த்தேன். ஒரு புடைப்புகூட அடங்கவில்லை.

அடங்காததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த முடிச்சு பூச்சி கடித்த காயம் இல்லை, இலையே கட்டிக்கொடுத்த வீடு. கட்டவைப்பது ஈரியோபிட் சிலந்தி. வலை பின்னும் சிலந்தி இல்லை, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். துளிர் விரியும்போது அது குத்தி உறிஞ்ச, இளசாக இருக்கிற திசு அந்த இடத்தில் தாறுமாறாக வளர்ந்து பை மாதிரி ஆகிவிடுகிறது. இலை முற்றிய பிறகு புது முடிச்சு வராது, வந்த முடிச்சு மறையாது. சிலந்தியே செத்தாலும் வீடு அப்படியே நிற்கும். அதனால் முற்றிய இலையில் மருந்தடித்து 'குணமாகிறதா' என்று படம் எடுப்பது வீண் வேலை. நான் ஒரு மாதம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு கைலென்ஸ் வாங்கினேன், பத்து மடங்கு. கைபேசியில் மாட்டுகிற குட்டி லென்ஸும் ஒன்று வாங்கினேன். இவற்றால் சிலந்தியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தது ஏமாற்றம்தான். அதன் நீளம் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர். கைலென்ஸில் நல்ல வெயிலில் அசைகிற வெள்ளைத் தூசு மாதிரி தெரியும், கைபேசிப் படத்தில் அதுவும் தெரியாது. ஆனால் படத்தில் தேட வேண்டியது சிலந்தியை இல்லை, வாசலை. சிலந்தி கட்டும் முடிச்சுக்கு எப்போதும் ஒரு திறப்பு உண்டு, பெரும்பாலும் இலைக்கு அடியில், மயிர் அடைத்த சின்னப் பொத்தலாக. இலையில் முடிச்சு வரவைக்கிற இன்னொரு பூச்சி குட்டிக் குளவி. அதன் முடிச்சு அப்படி இல்லை. குளவி திசுவுக்குள் முட்டை வைக்கும், புழு நாலாபுறமும் மூடிய அறைக்குள் வளரும். முழுக் குளவியாகி வெளியேறும்போதுதான் குண்டூசியால் குத்தின மாதிரி வட்டமான ஓட்டை விழும்.

சந்தேகம் தீராவிட்டால் பிளேடால் குறுக்கே அறுத்துப் படம் எடுப்பேன். சிலந்தி முடிச்சு உள்ளே வெறும் பொந்து, சுவரெல்லாம் மயிர். குளவி முடிச்சில் ஒவ்வொரு அறையிலும் காலில்லாத வெள்ளைப் புழு ஒன்று.

இந்த அளவுக்குத் தெரிந்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மூன்றாவது வருடம் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். கல்யாண முருங்கை இலை ஒன்று, மேல்பக்கம் மட்டும், ஏழெட்டுப் புடைப்பு.

"மாமா, மருந்து அடிக்கணுமா?"

"புங்க மரத்துல இருக்கிற மாதிரிதான். ஒண்ணும் பண்ணாது, விடுப்பா."

அடிப்பக்கம் கேட்கவில்லை, காம்பைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து முழுக் கிளையின் படம் வந்தது. துளிரெல்லாம் முறுக்கிக்கொண்டு, காம்புகள் விரல் தடிமனுக்கு வீங்கி, இலைகள் ஒரு ரூபாய்க் காசு அளவில் சுருண்டு கிடந்தன. அது குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்கிற குளவி. ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். 2004இல்தான் அறிவியலில் அதற்குப் பெயரே வைத்தார்கள், அடுத்த வருடமே ஹவாய்த் தீவுகள்வரை போய்ச் சேர்ந்து முருங்கை இன மரங்களைக் காயவைத்தது. (கறிக்குப் போடுகிற முருங்கை இல்லை, கல்யாண முருங்கையின் சொந்தங்கள்.) முட்டையிலிருந்து குளவியாக ஏறக்குறைய இருபது நாள். நான் 'விடுப்பா' என்று சொன்ன இரண்டு மாதத்தில் மூன்று தலைமுறை பறந்திருக்கும்.

அவனிடம் இருந்தது மூன்று மரம். ஒன்று போய்விட்டது.

ஆனால் 'சிலந்தி என்றால் அழகுக் கேடு மட்டும், குளவி என்றால் ஆபத்து' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவாலி என்கிற ஓக் மரத்தில் குளவி போடுகிற உருண்டைகள் பெரும்பாலும் பார்வைக்குத்தான் பயங்கரம். மல்லிகையில் சிலந்தி வந்தால் இலையும் மொட்டும் வெள்ளைக் கம்பளி போர்த்தி, பூ குறைந்துவிடும். யார் கட்டினது என்பதைவிட எங்கே கட்டினது என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன். இலைத் தட்டில் மட்டும் இருந்தால் அந்த இலையோடு போச்சு. காம்பு, குருத்து, மொட்டு இவற்றில் இருந்தால் அடுத்த வளர்ச்சியே பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

அதனால் யார் கேட்டாலும் நாலு படம் கேட்கிறேன்: மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம், அறுத்தது, கிளை நுனி. ஏதாவது ஒன்றில் ஸ்கேல் வைத்திருக்க வேண்டும். நாலாவதைத்தான் யாரும் அனுப்புவதில்லை, தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. அதே நுனியில் நூல் கட்டிவைத்து மூன்று வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. புது இலை பழைய இலையின் அளவுக்கு வந்திருந்தால் மரம் சமாளிக்கிறது. ஒவ்வொரு துளிரும் முந்தினதைவிடச் சின்னதாக இருந்தால் சும்மா இருக்கக்கூடாது.

படம் ஏமாற்றுகிற இடம் ஒன்று திராட்சை. அடியில் வெள்ளைப் பூச்சு தெரியும், அடிச்சாம்பல் நோய் என்று பூசணக்கொல்லி அடித்துவிடுவார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். பூசணம் என்றால் விரலோடு வரும். சிலந்தியால் வந்த மயிர்மெத்தை வராது, அதற்கு நேர் மேல்பக்கம் கொப்புளமாக எழும்பியும் இருக்கும். மேல்பக்கம் மஞ்சளாக இருந்தும் தட்டையாகவே இருந்தால் பூசணத்தைச் சந்தேகிக்கலாம்.

மருந்து பற்றி: சிலந்திக்கு நனையும் கந்தகம் வேலை செய்யும், ஆனால் துளிர் வெடிக்கிற நேரத்தில், சிலந்தி வீட்டுக்குள் போகும் முன். லிட்டருக்கு இரண்டு கிராம் போட்டேன். வேப்பெண்ணெய் அடித்து ஐந்தாம் நாள் கந்தகம் அடித்ததில் மல்லிகைத் துளிர் கருகிவிட்டது. எண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், கடும் வெயிலிலும் கந்தகம் கூடாது. குளவி என்றால், இலைமேல் தெளிப்பது எதுவும் உள்ளே இருக்கிற புழுவரை போகாது. அதனால் அக்கா மகனிடம் வீங்கின நுனிகளை வெட்டி, அங்கேயே போடாமல், உறையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வைக்கச் சொன்னேன். வெட்டினதும் மரம் குப்பென்று துளிர்க்கும், குளவிக்கு வேண்டியதும் அந்தத் துளிர்தான். மூன்று தடவை வெட்டினான்.

எங்கள் புங்கை இந்த வருடமும் வேர்க்குருவோடுதான் துளிர்த்தது, பூத்தது. நான் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. அக்கா மகன் நேற்று மீதி இரண்டு மரங்களின் படம் அனுப்பியிருக்கிறான். இலை விரிந்திருக்கிறது, காம்பு வழவழப்பாக இருக்கிறது. நுனிப் படம் இல்லை. கேட்டிருக்கிறேன்.