வெப்சைட் செய்து தருபவர்களிடம் படங்களையும் கேட்டு வாங்குங்கள்

ஹப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தம்பேதென்ன வீதியில் எங்கள் குடும்பம் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறது. வெப்சைட் செய்து தர ஒருவருக்கு 60,000 ரூபாய் கொடுத்தோம். வேலை முடிந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. முகப்பில் லிப்டன் சீட்டிலிருந்து எடுத்த ஒரு பெரிய படம், கீழே எங்கள் அறைகளின் படங்கள்.

சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் ஜனவரியில், முன்பதிவு செய்திருந்த ஒரு ஜெர்மன் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். முகப்பில் இருந்த லிப்டன் சீட் படத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்புப் பலகை போல ஒரு படம், அதில் 'இந்தப் படம் அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. இது உண்மையான இடம்தானா என்று அவர் கேட்டிருந்தார். இன்னொருவர் கேட்காமலேயே முன்பதிவை ரத்துச் செய்துவிட்டார்.

செய்து தந்தவரை அழைத்தோம். “எனக்கு இங்க சரியாத்தானே தெரியுது அக்கா, உங்க இன்டர்நெட்லதான் பிழை” என்றார். படத்தின் முகவரியையும் அனுப்பினார். அதைத் திறந்தால் உண்மையிலேயே லிப்டன் சீட் படம் வந்தது! எங்கள் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பலகை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோவார்கள், அதனால் காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தின் நிரலில் இருந்தது இது (முகவரியை மாற்றியிருக்கிறேன்):

```html
<img src="https://other-site.example/photos/lipton-seat.jpg">
```

அதாவது படம் எங்கள் ஹோஸ்டிங்கில் இல்லவே இல்லை. எங்கள் பக்கத்தை யார் திறந்தாலும், அவருடைய பிரவுசர் எல்லயில் உள்ள வேறொரு விருந்தினர் இல்லத்தின் சர்வரிடம் போய்ப் படத்தைக் கேட்கிறது. கேட்கும்போது, எந்தத் தளத்திலிருந்து வருகிறேன் என்பதையும் `Referer` என்ற தலைப்பில் சேர்த்துச் சொல்கிறது. அந்த இல்லத்தார், வேறு தளத்தின் பெயர் வந்தால் மாற்றுப் படத்தைக் கொடுக்கும்படி சர்வரில் விதி எழுதியிருந்தார்கள். படத்தின் முகவரியை நேரடியாகத் தட்டினால் `Referer` காலியாக இருக்கும். காலியாக வருவதைப் பெரும்பாலான விதிகள் தடுப்பதில்லை. அதனால்தான் அங்கே படம் சரியாகத் தெரிந்தது. ஏற்கெனவே பார்த்த படத்தைப் பிரவுசர் சேமித்து வைத்திருந்தாலும் கொஞ்ச நாளைக்குப் பழைய படமே தெரியும். ஆகவே “எனக்குத் தெரியுது” என்பதைச் சான்றாக ஏற்க வேண்டாம்.

எல்லயில் அந்த இல்லத்தை நடத்தும் அம்மாவுடன் கதைத்தேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. படம் 3 எம்பி. எங்கள் பக்கம் 1,000 தடவை திறக்கப்பட்டால், ஏறத்தாழ 3 ஜிபி அவருடைய ஹோஸ்டிங்கின் மாதாந்த டேட்டா அளவிலிருந்து போகும். எங்கள் விருந்தினர்களுக்காக அவர் காசு கட்டிக்கொண்டிருந்தார். அவர் சர்வரில் எங்களுடையதைப் போல வேறு தளங்களின் பெயர்களும் பதிவாகியிருந்தனவாம்.

சரி, படத்தை இறக்கி எங்கள் ஹோஸ்டிங்கில் ஏற்றினால் தீர்ந்ததா? செய்து தந்தவர் அதைத்தான், அதுவும் மேலதிகக் கட்டணத்துக்குச் செய்து தருவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் படம் திடீரென்று மாறாது, எல்லயில் உள்ள அம்மாவின் டேட்டா அளவும் குறையாது, உண்மைதான். ஆனால் படம் இன்னும் அந்த அம்மாவுடையதுதான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்கிறது. கீழே பெயர் போட்டால் அது அனுமதி ஆகிவிடாது. அந்த அம்மாவிடம் கேட்டோம், தர முடியாது என்றார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அப்புறம் என் தம்பி மூடுபனி இல்லாத ஒரு காலையில் போய் லிப்டன் சீட்டில் படம் எடுத்தான். அகலத்தை 1,600 பிக்சலாகக் குறைத்து, 300 கேபிக்குள் சுருக்கி, எங்கள் ஹோஸ்டிங்கிலேயே ஏற்றினோம்:

```html
<img src="/images/lipton-seat.jpg">
```

மலையில் சிக்னல் மெதுவான இடங்களிலும் இப்போது பக்கம் சட்டென்று திறக்கிறது. கொடுத்த காசு மட்டும் திரும்பவில்லை.

உங்கள் தளத்தைப் பார்க்க, கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து புதிய டேபில் திறவுங்கள். மேலே முகவரியில் உங்கள் தளத்தின் பெயரோ, நீங்கள் காசு கட்டும் சேவையின் பெயரோ இல்லாவிட்டால், அது யாருடைய சர்வர் என்று கேளுங்கள். பின்னணியாக வைத்த படங்கள் இப்படிச் சிக்காது, அவற்றுக்கு `Ctrl+Shift+I` அழுத்தி Network பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றினால் ஒவ்வொரு படமும் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் எல்லாப் படங்களையும் கோப்புகளாகவும், யார் எடுத்தது, யார் அனுமதி தந்தது என்பதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் செய்து தந்தவரிடம் அந்த இரண்டுமே இருக்கவில்லை.