ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் போச்சு: கழுத்துக்கட்டி உள்ள கிடாவை என் தலையில் கட்டிவிட்டார்கள்

இன்று காலை போனைத் திறந்ததும், எனக்கு நோய்க் கிடாவை விற்ற அதே ஆள் போட்ட புது வீடியோதான் கண்ணில் பட்டது. பொலிகிடா விற்பனைக்கு, விலை பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். கிடாவின் கழுத்தில் சிவப்புத் துண்டு சுற்றியிருக்கிறது. அந்தத் துண்டைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இன்னொருத்தர் ஏமாறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தை மாதம் இணையத்தில் ஆடு விற்கும் ஒரு பண்ணையில் கன்னி இன ஆட்டில் பத்து பெட்டையும் ஒரு பொலிகிடாவும் வாங்கினேன். பெட்டை ஒன்று 9,500, கிடா 23,000. மொத்தம் 1,18,000 ரூபாய். வீட்டு நகையை வைத்து எடுத்த பணம்.

நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன், அதுதான் இன்னும் ஆறவில்லை. கிடாவைப் பிடித்துத் தடவிப் பார்த்தபோது இடது காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. விரல் வைத்தேன். தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக ஏதோ இருந்தது. "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கயிறு அறுத்த தழும்பு அண்ணாச்சி, புதுக் கயிறு மாத்தியாச்சு, ஆறிரும்" என்றார். அவர் அப்பா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டினார்கள். அட்டையைப் பார்த்ததும் விரல் சொன்னதை விட்டுவிட்டேன். அந்த ரெண்டு ஊசிக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பங்குனியில் அந்தப் பாக்கு எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து, ஒருநாள் தீவனத்தொட்டி விளிம்பில் உரசி உடைந்தது. சீழ் தண்ணியாக ஒழுகவில்லை. பேஸ்ட் டியூபை அமுக்கினால் வருகிற மாதிரி, வெளிறிய பச்சையில் கெட்டியாக வந்தது. நாற்றமே இல்லை. நாற்றம் இல்லாததால் பெரிய விஷயம் இல்லை என்று நினைத்து, துணியால் துடைத்து மஞ்சள் வைத்துவிட்டேன். மரத்தொட்டி அப்படியே கிடந்தது. பழைய ஆடு பதினாலும் புதுசு பத்தும் அதே தொட்டியில்தான் தின்றன.

அன்றைக்கே விற்றவருக்குப் போன் போட்டேன். "போட்டோ அனுப்புங்க" என்றார். அனுப்பினேன், ரெண்டு நாள் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டதற்கு "முள்ளு குத்தியிருக்கும்" என்றார். மூன்றாம் முறை "உங்க தீவனம் சரியில்ல". நாலாம் முறை அவர் தம்பி எடுத்து, "வண்டி ஏறின பிறகு எங்க பொறுப்பு இல்ல அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள். 1,18,000 வாங்கியவர்களுக்கு ஒரு நிமிஷம் பேச நேரமில்லை.

மருந்துக்கடையிலும் ஏமாந்தேன். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார்கள், போட்டேன், காசுதான் போனது. அடுத்து, கட்டி உடைவதற்கு முன்னாலேயே உள்ளே ஃபார்மலின் ஏற்றினால் அப்படியே காய்ந்துவிடும் என்றார்கள். நல்லவேளை அதைச் செய்யும் முன் அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கறிக்கும் பாலுக்கும் வளர்க்கிற உயிருக்குள் அந்த விஷத்தை ஏற்றவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார்.

அதற்குள் இன்னும் மூன்று பெட்டைகளுக்குக் கட்டி கண்டிருந்தது. ஒன்றுக்குத் தோளுக்கு முன்னால், ஒன்றுக்குத் தொடை மடிப்பில், ஒன்றுக்கு மடிக்கு மேலே. எல்லாம் நெறிகட்டும் இடங்கள். உடையாத கட்டியிலிருந்து டாக்டரம்மா ஊசியால் சீழ் உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்பினார். கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குளோசிஸ் என்ற கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. நோயின் பெயர் கேசியஸ் லிம்ஃபாடினைட்டிஸ்.

ஆன்டிபயாடிக் ஊசி ஏன் பிடிக்கவில்லை என்று அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். கிருமியைத் தின்று அழிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே இது உயிரோடு குடியிருக்கிறது. சீழைச் சுற்றித் தடித்த சுவர் எழும்பிவிடுவதால் மருந்து உள்ளே போய்ச் சேராது. கட்டி ஆறினாலும் ஆடு நோயைச் சுமந்துகொண்டே இருக்கும், பிறகு வேறு இடத்தில் வரும். தொற்றிய நாளிலிருந்து கட்டி தெரிய ரெண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். உடைந்த சீழில் உள்ள கிருமி நிழல் மண்ணிலும் மரத்திலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, முள் கீறிய சின்னக் காயம் வழியாக அடுத்த ஆட்டுக்குள் போகும். மரத்தொட்டியை அன்றே எரித்தேன். பட்டி மண்ணை நாலு விரல் ஆழம் வெட்டி எடுத்தேன். மேல்மண் போனதே தவிர, மூன்று வாரம் அந்தத் தொட்டியில் தின்ற ஆடுகளுக்குள் போனதை எதால் எடுப்பது?

பிறகு ஒரு பெட்டை மட்டும் தின்றுகொண்டே இளைத்தது. வெளியே கட்டி எதுவும் இல்லை. பூச்சிமருந்து கொடுத்தும் தேறவில்லை. டாக்டரம்மா கழிக்கச் சொன்னார். கறிக்கடை பாயிடம் விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன், அறுத்தபோது நானும் நின்றேன். நுரையீரலில் கோழிமுட்டை அளவில் ரெண்டு கட்டி. பாய் கத்தியால் ஒன்றைக் கீறிக் காட்டினார். அதே வெளிறிய பச்சை. இருமும்போது இதுவும் பரவும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் புரிந்தது. பாய் அந்த ஆட்டை வேண்டாம் என்று ஒதுக்கிப் புதைக்கச் சொன்னார். கிடாவையும் கழித்துவிட்டேன். 1,18,000 கொடுத்ததில் இன்று பட்டியில் நோய் தெரியாமல் நிற்பது ஆறே பெட்டை. அவையும் எத்தனை நாளைக்கோ.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடிந்ததை மட்டும் சொல்கிறேன். காதுக்கடி, தாடையடி, தோள்முன், தொடை மடிப்பு, மடிக்கு மேல், இந்த ஐந்து இடத்தையும் ரெண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பாருங்கள். கழுத்தில் துண்டோ பட்டையோ இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள், அவிழ்க்க மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். முடி உதிர்ந்த வட்டத்துக்கு யார் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள். புது ஆட்டை ரெண்டு மாதமாவது வேறு கொட்டகையில், வேறு தொட்டியில் வையுங்கள். அதிலும் தப்பிப்போக வாய்ப்பு உண்டு, அதனால் பட்டியில் சேர்த்த பிறகும் மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கட்டி வந்துவிட்டால் பட்டிக்குள் உடைய விடாதீர்கள். ஆட்டைத் தனியே கட்டுங்கள். முடி உதிர்ந்து மெத்தென்று ஆனதும் டாக்டரை வைத்துக் கீழ்ப்பக்கமாகக் கீறி, சீழ் முழுவதையும் பாலித்தீன் பையில் வழித்து எரித்துவிடுங்கள். குழியை நீர் கலந்த பொவிடோன் அயோடினால் கழுவி, புண் முழுசாக மூடும்வரை, எனக்கு ஒரு மாதம் ஆனது, மந்தையில் சேர்க்காதீர்கள். கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், அரிதாக மனிதருக்கும் நெறி கட்டுமாம்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். தொடையில் கட்டி வந்த பெட்டைக்கு முடி உதிர்ந்துவிட்டது, டாக்டரம்மா நாலு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.