காசு வெட்டுப்பட்டது, போய்ச் சேரவில்லை: அவசரப்பட்டு இரண்டாம் தரம் அனுப்பாதீர்கள்

புறக்கோட்டையில் அண்மையில் நடந்தது இது. வெள்ளவத்தையில் சிறு கடை நடத்துபவர், மெயின் வீதி மொத்த வியாபாரி ஒருவருக்குச் சனிக்கிழமை மாலை 85,000 ரூபாவை ஆப்பில் அனுப்பினார். அவருடைய கணக்கில் காசு கழிந்துவிட்டது, எஸ்எம்எஸ்ஸும் வந்தது. மறுமுனையில், "தம்பி, இன்னும் விழேல்லை." வங்கியின் ஹொட்லைனுக்கு எடுத்தார். "அது ஃபெயில் ஆகியிருக்கும் சேர், திரும்பப் போடுங்கோ" என்றார்கள். போட்டார். திங்கட்கிழமை இரண்டு 85,000-உம் வியாபாரியின் கணக்கில் கிடந்தன. வியாபாரி, "பழைய பாக்கியில கழிச்சிட்டன்" என்று முடித்துவிட்டார்.

ஹொட்லைனில் சொன்னது பச்சைப் பிழை. வேறு வங்கிக்குக் காசு அனுப்பும்போது முதலில் உங்கள் வங்கி உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும். பிறகுதான் லங்காபே வலையமைப்பு ஊடாக மற்ற வங்கிக்கு "இன்ன இலக்கத்துக்கு இவ்வளவு வரவு வை" என்ற செய்தி போகும். அந்த வங்கி வரவு வைத்துவிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வழியில் தவறினால் அல்லது நேரம் கடந்து வந்தால், காசு விழுந்ததா இல்லையா என்பது உங்கள் வங்கிக்கே தெரியாது. "கழிந்துவிட்டது, சேரவில்லை" என்ற நிலையில் பெரும்பாலும் இருப்பது இந்த இருட்டுதான். தெரியாத நிலையில் காசைத் திருப்பித் தந்தால், வங்கி தன் கையிலிருந்து கொடுத்ததாக முடியலாம். அதனால்தான் இரண்டு வங்கிகளும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை காத்திருக்கிறார்கள். அந்த ஒப்பீடு பொதுவாக வேலைநாளில்தான் நடக்கும். சனி மாலை சிக்கினால் திங்கள்வரை பொறுக்கத்தான் வேண்டும், இடையில் போயா வந்தால் இன்னும் ஒரு நாள்.

இன்னொரு காரணம் அதைவிடச் சாதாரணமானது. ஆப்பில் CEFTS, SLIPS என்று இரண்டு வழிகள் காட்டுவார்கள். முதலாவது உடனடியாகப் போவது. இரண்டாவது தொகுதி தொகுதியாக, வேலைநாட்களில் மட்டும் போவது. கட்டணம் குறைவென்று வெள்ளி இரவு SLIPS-ஐத் தட்டியவர் ஞாயிறு முழுக்க வங்கியைத் திட்டிப் பயனில்லை. அங்கே எதுவும் பழுதாகவில்லை.

மூன்றாவதுதான் கெட்டது: கணக்கு இலக்கத்தில் ஒரு எண் பிசகியது. இல்லாத இலக்கமென்றால் மற்ற வங்கி நிராகரிக்கும், காசு திரும்பும். இருக்கிற இலக்கமென்றால் யாரோ ஒருவருக்கு விழுந்துவிடும். நீங்கள் பெயரைச் சரியாக அடித்தீர்கள் என்பது காப்பாற்றாது, காசு போவது இலக்கத்தைப் பார்த்துத்தான். இதற்கு ஒரு நிமிடம்கூடப் பொறுக்க வேண்டாம், உடனே வங்கிக்கு அறிவியுங்கள்.

ஆகவே முதலில் ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து நான்கைப் பாருங்கள்: எந்த வழி, எத்தனை மணி, கணக்கு இலக்கம், குறிப்பிலக்கம். திரையைப் படமெடுத்து வையுங்கள். பெறுநரிடம் எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் தன் கணக்குக் கூற்றையே பார்க்கச் சொல்லுங்கள், எஸ்எம்எஸ் வராமலே காசு விழுந்திருப்பதுண்டு. நீங்கள் பெறுநரென்றால் இதே விதி மறுபக்கமாக: அனுப்பியவர் காட்டும் படத்தை வைத்துச் சரக்கை விடாதீர்கள். அது உண்மையான படமாக இருந்தாலும், அவருடைய கணக்கில் கழிந்ததற்குத்தான் சாட்சி.

அடுத்து வங்கிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னது நிற்காது, வெள்ளவத்தைக்காரரிடம் "திரும்பப் போடுங்கோ" என்று சொன்னதற்கு இன்று எந்த எழுத்தும் இல்லை. இப்படி எழுதினால் போதும்: "மேற்படி குறிப்பிலக்கத்தின் கீழான 85,000 ரூபா பெறுநரின் வங்கியில் வரவு வைக்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்பதை எழுத்தில் அறியத் தரவும். நிராகரிக்கப்பட்டிருந்தால் என் கணக்கில் மீள வரவு வைக்கும் திகதியையும் குறிப்பிடவும்." முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். "விசாரிக்கிறோம்" என்பது பதிலல்ல. வரவானதா, நிராகரிப்பா என்ற இரண்டில் ஒன்றே பதில்.

வங்கியின் முகநூல் பக்கத்தில் மட்டும் குறிப்பிலக்கத்தோடு புலம்ப வேண்டாம். வங்கியின் சின்னத்தைப் படமாக வைத்த ஒருவர் வட்ஸ்அப்பில் வந்து, "ரீஃபண்ட் போட ஓடிபி சொல்லுங்கோ" என்பார். உங்களுக்கு வர வேண்டிய காசுக்கு உங்கள் ஓடிபி எதற்கும் தேவையில்லை.

வங்கி இழுத்தடித்தால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, துரித இலக்கம் 1935. முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், அந்த மின்னஞ்சல் அப்போது உதவும்.

இரண்டாம் தரம் அனுப்பிய காசு வேறு கதை. பெறுநரின் சம்மதமில்லாமல் அவருடைய கணக்கில் கைவைக்க வங்கி தயங்கும். கேட்டுப் பார்ப்பார்கள், அவர் மறுத்தால் பொலிஸ், வழக்கு என்று போக வேண்டியதுதான். வெள்ளவத்தைக்காரர் வழக்குக்குப் போகவில்லை. அந்த 85,000-இல் பாக்கி போக மிஞ்சியதற்கு இன்னும் சரக்குத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.